கரையைக் கடந்த புயலும் கரை மீறிய ஆறும்

கடலூரில் தென்பெண்ணை முகத்துவாரத்தை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தால் தண்ணீர் மூன்று பக்கமிருந்தும் வரும். கிழக்கே கடல், தலைக்கு மேலே மழை, மேற்கே ஆறு. இந்த மூன்றுக்கும் எச்சரிக்கை சொல்கிறவர்கள் வேறு வேறு அலுவலகத்தார். ஆனால் கைபேசிக்கு வந்து சேரும்போது எல்லாம் ஒரே மாதிரி மணியடித்து, ஒரே மாதிரி சிவப்பாகத்தான் வருகிறது. எந்தச் சிவப்பு எந்தத் தண்ணீருக்கு என்று பிரித்துப் படிக்க எங்கள் தெருவுக்கு 2024-இல் வந்த ஃபெஞ்சல் புயல்தான் கற்றுக்கொடுத்தது.

அந்தப் புயலைப் பலரும் புதுச்சேரியின் மழையாக நினைவு வைத்திருக்கிறார்கள். நவம்பர் 30 இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. டிசம்பர் 1 காலை எட்டரை வரையான ஒரு நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ. மழை. எங்கள் தெருவில் ஓடுகள் பறந்தன, ஒரு முருங்கை சாய்ந்தது, கரண்டு போனது. விடிந்ததும் டிவியில் "புயல் கரையைக் கடந்தது" என்று போட்டார்கள். முகாமுக்குப் போயிருந்தவர்களில் சிலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட்டார்கள். காற்றைப் பொறுத்தவரை அது சரியான செய்திதான். ஆறுதான் இன்னும் வரவில்லை.

என் தங்கையை ஊத்தங்கரையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டம், கடலுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். டிசம்பர் 1 இரவு அவள் போன் செய்தாள். "அண்ணா, உங்க புயல் இங்க வந்து கொட்டுது. நிக்கவே மாட்டேங்குது." மறுநாள் காலை வரை அங்கே பதிவான மழை 50 செ.மீ. ஊத்தங்கரைப் பக்கம் பெய்யும் மழை பாம்பாற்றில் இறங்கி, தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணைக்கு வரும். சாத்தனூரில் திறந்தால் திருக்கோவிலூர், விழுப்புரம் மாவட்டத்து ஊர்களைத் தாண்டி எங்களிடம்தான் வரும். டிசம்பர் 2 அதிகாலையில் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியது. அன்றைக்குப் பகலெல்லாம் ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் காற்றும் இல்லை, பெரிய மழையும் இல்லை. போனில் கடலூருக்கான வானிலை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஆபத்து போய்விட்டது போலத்தான் தோன்றியிருக்கும்.

1.68 லட்சம் கன அடி என்பதை மனதில் வாங்கிக்கொள்வது கஷ்டம். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். அப்படிப் பார்த்தால் நொடிக்கு 47 லட்சம் லிட்டருக்கு மேல். தண்ணீர் லாரிக் கணக்கில் நொடிக்கு நானூறு லாரி. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு சுமார் 7.3 டிஎம்சி. இந்த வேகத்தில் தண்ணீர் வந்தால், காலியான அணைகூடச் சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதனால் இந்த மாதிரி நாட்களில் அணை திறப்பு எச்சரிக்கையில் நமக்கு மிஞ்சுவது மணிக்கணக்கான அவகாசம்தான். புயலுக்கு மூன்று நாள் முன்னே எச்சரிக்கை வருகிறது என்று பழகியவர்கள், ஆற்றுக்கும் அப்படித்தான் வரும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி, யார் எதைச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். புயல், காற்று, மழை மூன்றையும் சொல்வது இந்திய வானிலை ஆய்வு மையம், நமக்கு அதன் சென்னை மண்டல மையம். அவர்களுடைய செயலியின் பெயர் Mausam. கடல் அலை, கடல் சீற்றம், கடல் நீர் உள்ளே வருமா என்பதை ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் சொல்கிறது, செயலி SAMUDRA. ஆற்றின் நீர்மட்டத்தை மத்திய நீர் ஆணையம் சொல்கிறது. செயலி FloodWatch India, 2023 ஆகஸ்டில் வந்தது. அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பது மாநில நீர்வளத் துறை கையில். அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகத்தான் கரையோர ஊர்களுக்கு அறிவிப்பார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரமும் மாவட்ட நிர்வாகத்துக்குத்தான். வானிலை மையம் எவ்வளவு சிவப்புப் போட்டாலும் "நீங்கள் எழுந்து போங்கள்" என்று சொல்வது அதன் வேலை இல்லை.

இவர்கள் எல்லோருடைய எச்சரிக்கையையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தருவது தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் SACHET. சச்சேத் என்பார்கள். ஒரே ஒரு செயலிக்குத்தான் போனில் இடம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் போடச் சொல்வேன். இது எதையும் தானாகக் கணிப்பதில்லை. அந்தந்த அலுவலகம் வெளியிட்டதை அப்படியே கொண்டுவந்து கொடுக்கிறது. ஒவ்வொரு எச்சரிக்கையிலும் யார் வெளியிட்டது, எப்போது, எதுவரை செல்லும் என்று இருக்கும். தமிழில் படிக்கலாம். தமிழ்நாடு அரசின் TN-Alert செயலியும் வைத்திருக்கிறேன். அதில் வானிலையோடு மழை அளவு, நீர்த்தேக்க விவரமும் தமிழிலேயே கிடைப்பது வசதி.

சச்சேத்தை நிறுவியதும் இருப்பிட அனுமதி கேட்கும், கொடுத்துவிடுவோம், அதோடு விட்டுவிடுவோம். அப்படி விட்டால் நீங்கள் நிற்கிற இடத்துக்கான எச்சரிக்கைதான் வரும். கடலூர்க்காரனுக்குக் கடலூர் மட்டும் வரும். ஆற்றங்கரையில் இருப்பவனுக்கு அது பாதிதான். இந்தச் செயலியில் வேண்டிய மாவட்டங்களைத் தேர்ந்து சந்தா மாதிரி சேர்த்துக்கொள்ளலாம். நான் கடலூரோடு விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் கிருஷ்ணகிரியின் இடி மின்னல் அறிவிப்பெல்லாம் வந்து தொந்தரவுதான், பொறுத்துக்கொள்கிறேன். கார்த்திகையில் திருவண்ணாமலைக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்ந்தாற்போல் சிவப்பு வந்தால், கடலூருக்கு என்ன நிறமாக இருந்தாலும் என் வீட்டு அரிசி மூட்டை மேலே ஏறிவிடும். கொள்ளிடக் கரையில் இருப்பவர்கள் மேட்டூர்ப் பக்கமும், தாமிரபரணிக்காரர்கள் பாபநாசம் அணைப் பக்கமும் கண் வைக்க வேண்டும். உங்கள் ஆறு எங்கே பிறக்கிறது, நடுவில் எந்த அணை இருக்கிறது என்று ஒரு தடவை வரைபடத்தில் பார்த்துக்கொண்டால் எந்த மாவட்டத்தைச் சேர்ப்பது என்று தெரிந்துவிடும்.

அடுத்து ஃபிளட்வாட்ச். பார்க்க ஆங்கிலமும் புள்ளிகளுமாகக் கொஞ்சம் மிரட்டும். அதில் உங்கள் ஊருக்கு மேலே ஆற்றில் இருக்கும் அளவு நிலையத்தைத் தேடி வைத்துக்கொண்டால் போதும். தென்பெண்ணையில் எங்களுக்கு வாழவச்சனூரும் விழுப்புரமும் முக்கியம். ஒவ்வொரு நிலையத்துக்கும் எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம், இதுவரை கண்ட உச்ச மட்டம் என்று கோடுகள் உண்டு. எச்சரிக்கை மட்டத்தைத் தாண்டினால் மஞ்சள், அபாயத்தைத் தாண்டினால் ஆரஞ்சு, பழைய உச்சத்தையே தொட்டுவிட்டால் சிவப்பு. நான் நிறத்தைவிட வேகத்தைத்தான் பார்ப்பேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை சென்டிமீட்டர் ஏறியது, இப்போது ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா? மேலே நிலையத்தில் இறங்க ஆரம்பித்த பிறகும் நம் பக்கம் இன்னும் சில மணி நேரம் ஏறும். அந்த நேரத்தில் "வடிய ஆரம்பிச்சுடுச்சாம்" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவதுதான் ஆபத்து.

முகத்துவாரத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. அந்த டிசம்பர் 1 அமாவாசை. அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும். ஏற்ற நேரத்தில் ஆற்று நீர் கடலுக்குள் இறங்காமல் முட்டிக்கொண்டு நிற்கும். இதை எங்கள் ஊர் மீனவர்களுக்குச் செயலி வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கரையை ஒட்டிப் புதிதாக மனை வாங்கி வீடு கட்டியவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கு இன்காய்ஸ் எச்சரிக்கை அவசியம். புயலே இல்லாத நாளிலும் அது வரும். எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய அலை, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது கரையில் ஏறும். கள்ளக்கடல் என்பது அதைத்தான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனபோது வானிலைச் செயலியில் பார்த்திருந்தால் புயலும் இல்லை, மழையும் இல்லை. அலைக்கான எச்சரிக்கை மட்டும் இருந்தது.

வானிலை மையத்தின் அறிக்கையைப் படிப்பதற்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். புயலுக்கு அவர்கள் நான்கு கட்டமாக எச்சரிக்கை தருகிறார்கள். முதலாவது சுமார் 72 மணி நேரம் முன்பு, அடுத்தது 48, பிறகு 24, கடைசி 12 மணி நேரம் முன்பு. இந்த நான்காவது அறிக்கையைத்தான் யாரும் படிப்பதில்லை. கரையைக் கடந்த பிறகு புயல் எந்தப் பக்கம் போகும், உள்மாவட்டங்களில் என்ன செய்யும் என்பதைச் சொல்வதே அதன் வேலை. ஆற்றங்கரை ஆள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். டிவிக்காரர்களுக்கு மட்டும் கரையைக் கடக்கும் காட்சியோடு கதை முடிந்துவிடுகிறது.

"எந்த ஊரில் கரையைக் கடக்கும்" என்ற கேள்வியில் எங்கள் தெருவே பந்தயம் கட்டும். நாளைக்குப் புயல் எங்கே இருக்கும் என்று வானிலை மையம் ஒரு நாள் முன்னே குறிக்கும் இடம்கூட சராசரியாக 75 கி.மீ. அளவுக்கு விலகலாம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே இருபத்தைந்து கி.மீ. கூட இல்லை. அதனால் வரைபடத்தில் நடுவே ஓடும் கோட்டைப் பார்க்காதீர்கள். அதைச் சுற்றி விரிந்துகொண்டே போகும் கூம்புக்குள் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களுக்கும் எச்சரிக்கைதான். 2023 மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, முழுகியது சென்னை.

நிறத்திலும் குழப்பம் உண்டு. சிவப்பு என்றால் 20 செ.மீ. மழை என்று பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதிகனமழை என்பது அளவு. நிறம் என்பது அந்த அளவோடு, நடக்கும் வாய்ப்பையும் பாதிப்பையும் சேர்த்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது: மஞ்சளுக்குக் கவனி, ஆரஞ்சுக்குத் தயாராகு, சிவப்புக்குச் செயல்படு. ஒரு நாள் என்பதும் நம் நள்ளிரவுக் கணக்கு இல்லை. காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. "நாளைக்குத்தானே ரெட்" என்று அசந்தால், அந்த நாளை இன்றைக்குக் காலை எட்டரைக்கே தொடங்கியிருக்கலாம்.

பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகு வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் ஒரே வாக்குவாதம். "மூணாம் நம்பர் கூண்டுதான தம்பி ஏத்தியிருக்கான், பதினொண்ணு வரைக்கும் இருக்கு" என்பார். துறைமுகத்தில் ஏற்றும் கூண்டின் எண் புயலின் பலத்தைச் சொல்லும் மதிப்பெண் இல்லை. ஒன்றும் இரண்டும், தூரத்துக் கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கிறது என்பதற்கு. மூன்றும் நான்கும் அந்தத் துறைமுகத்துக்கே காற்றாலோ புயலாலோ அச்சுறுத்தல் வந்துவிட்டது என்பதற்கு. ஐந்து, ஆறு, ஏழு அபாயம்; ஐந்து என்றால் புயல் துறைமுகத்தை ஒரு பக்கமாகக் கடக்கும், ஆறு என்றால் மறுபக்கமாக, ஏழு என்றால் தலைக்கு மேலேயோ மிக அருகிலோ. எட்டு, ஒன்பது, பத்து அதே மூன்று வகைதான், புயல் கடுமையானது. பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. கூண்டு துறைமுகத்துக்கும் படகுகளுக்கும் உரியது. ஆறு ஏறுமா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. இதைச் சொன்னபோது அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றுக்கே இப்போது படகை உள்ளே கட்டிவிடுகிறார்.

அறிக்கைகள் மாறும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஃபெஞ்சலையே எடுத்துக்கொண்டால், நவம்பர் 28 அன்று, கரையை நெருங்கும்போது அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத்தான் இருக்கும் என்ற கணிப்பு வந்தது. 29 பிற்பகலில் அது புயலாகி, கணிப்பும் மாறியது. இதற்காக வானிலை மையத்தைத் திட்டி மீம் போட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. ஆனால் 28-ஆம் தேதிப் படம் 30-ஆம் தேதி வரை வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது, அதுதான் எரிச்சல். புயல் நிலைக்கு வந்துவிட்டால் அறிக்கை மூன்று மணி நேரத்துக்கு ஒன்று வரும். அதனால் நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் தேடுவது வெளியான தேதியும் நேரமும். அது வெட்டப்பட்டிருந்தால் அந்தப் படம் எனக்குத் தேவையில்லை. நேரத்தில் IST என்று இருக்கிறதா, UTC என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாவதானால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தனியார் வானிலைப் பதிவர்களைப் படிக்காதே என்று சொல்ல மாட்டேன். எந்த ஏரியாவில் எப்போது மழை மேகம் வருகிறது என்பதை ரேடார் பார்த்துத் தமிழில் விளக்குவதில் சிலர் கெட்டிக்காரர்கள். விண்டி மாதிரியான வானிலைத் தளங்களின் படங்களும் சுவாரசியம்தான். ஆனால் பத்து நாள் முன்னே ஒரே ஒரு கணினிக் கணிப்பின் படத்தை எடுத்துப் போட்டுச் "சென்னைக்கு மெகா புயல்" என்று தலைப்பு வைப்பவரை அன்றைக்கே நீக்கிவிடுவேன். படகை எப்போது கட்டுவது, அம்மாவை எப்போது முகாமுக்குக் கூட்டிப்போவது என்ற முடிவுக்கு அரசு அறிக்கை மட்டும்தான்.

செயலி எல்லாம் இணையம் இருக்கும்வரைதான். ஃபெஞ்சல் இரவில் எங்களுக்குக் கரண்டு போனதும் நெட்டும் இழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்த நேரத்துக்குத்தான் செல் பிராட்காஸ்ட் என்ற முறை. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே நேரத்தில், பலத்த சத்தத்தோடு திரையில் செய்தி வரும். நெட் வேண்டாம், உங்கள் எண்ணும் வேண்டாம். 2023-இல் சோதனைச் செய்தி வந்தபோது பலர் பயந்துபோய் அதை அணைத்துவிட்டார்கள். போன் அமைப்புகளில் அவசர எச்சரிக்கை என்ற பகுதியைத் திறந்து அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் Wireless emergency alerts என்று தேடினால் கிடைக்கும். கோபுரமே செத்துவிட்டால் இதுவும் வராது. அதற்கு பேட்டரி போட்ட ரேடியோவும் ஊர் ஒலிபெருக்கியும்தான். அரசு எஸ்எம்எஸ் என்று வருவதில், அனுப்புநர் பெயரின் கடைசியில் -G என்று இருப்பது 2025 முதல் வந்த ஏற்பாடு. எச்சரிக்கை என்ற பெயரில் ஏதாவது கோப்பை நிறுவச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ அழித்துவிடுங்கள்.

டிசம்பர் 2 பகலில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் "அணை ஒடஞ்சிடுச்சாம், எல்லாரும் ஓடுங்க" என்று ஒரு குரல் பதிவு வந்தது. யார் பேசியது, எந்த ஊர், எத்தனை மணிக்கு, ஒன்றும் இல்லை. வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கப் போனார்கள் சிலர். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. முதல் தடவை பிஸி, இரண்டாவது தடவையும் பிஸி, பிறகு எடுத்தார்கள்: அணை உடையவில்லை, நீர் வரத்து அதிகம், தாழ்வான தெருக்காரர்கள் முகாமுக்குப் போகலாம், எந்தப் பக்கச் சாலையில் போகக் கூடாது. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இரண்டையும் வீட்டுக் கதவின் உட்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். கூடவே, 1.68 லட்சம் கன அடிக்கு எங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் ஒரு கோடும். அடுத்த முறை அறிவிப்பில் 30,000 என்று வந்தால் என்ன செய்வது, ஒரு லட்சம் என்று வந்தால் என்ன செய்வது என்று அந்தக் கோட்டை வைத்துத்தான் முடிவெடுப்போம். கீழே நம் பக்கம் பெய்யும் மழையும் அமாவாசையும் சேர்ந்தால் அதே அளவு திறப்புக்கு இன்னும் மேலே ஏறும் என்பதால், கோட்டுக்கு மேல் ஒரு முழம் சேர்த்தே கணக்கு வைத்திருக்கிறோம்.